கபடி போட்டிக்கு பைக் ஷோரூம் கொடுத்த 45,000: என்ன கேட்டோம், பதிலுக்கு என்ன கொடுத்தோம்

எங்க ஊர் திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு பேரூராட்சி. இங்க கபடி கிளப் வருஷா வருஷம் ரெண்டு நாள் போட்டி நடத்துது. இத்தனை வருஷமும் செலவுக்கு வழி ஒன்னே ஒன்னுதான், ரசீது புக்கை எடுத்துக்கிட்டு கடைவீதில இந்த முனைல ஆரம்பிச்சு அந்த முனை வரைக்கும் ஏறி இறங்கறது, ஐநூறு ஆயிரம்னு வாங்கறது, கொடுத்தவங்க பேரை எல்லாம் நோட்டீஸ்ல பொடி எழுத்துல போடறது. தரமாட்டேன்னு யாரும் சொல்றதில்ல, ஆனா எல்லாருக்கும் அது கோயில் வரி மாதிரிதான், கொடுத்து அனுப்பிட்டா சரின்னு கொடுப்பாங்க. மேட்ல ஆட்டம், யூடியூப் லைவ், கேலரின்னு செலவு ரெண்டு லட்சத்தை தொட்டதும் அந்த வழி பத்தல. ஊர் வசூலும் நுழைவுக் கட்டணமும் சேர்ந்தாலும் ஒரு லட்சம் இடிச்சுது. அதுல பெரிய பங்கா 45,000 ஒரு டூவீலர் ஷோரூம்ல இருந்து வந்துச்சு, அது எப்படி வந்துச்சுங்கறதுதான் இந்த எழுத்து.

யார்கிட்ட போறதுன்னு கிளப்ல பேச்சு வந்தப்ப எல்லாரும் நகைக்கடை, ஜவுளிக்கடைன்னுதான் சொன்னாங்க, காசு இருக்கற இடம்னு. ஆனா கபடி பாக்க வர்றது யாரு? சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து வர்ற 18ல இருந்து 35 வயசு பசங்கதான் முக்கால்வாசி. நகைக்கடைக்காரருக்கு இவங்களால என்ன பிரயோஜனம், அவருக்கு வேணும்கறது கல்யாணம் வச்சிருக்கற குடும்பம். பைக் ஷோரூம்காரருக்கு வேணும்கற கூட்டம்தான் அப்படியே நம்ம கேலரில உக்காந்திருக்கு, அதுவும் வண்டில வந்து உக்காந்திருக்கு. ஸ்பான்சர் கேக்கறதுல பாதி வேலை இங்கயே முடிஞ்சிடுது, யார்கிட்ட காசு இருக்குன்னு பாக்காம நம்ம கூட்டம் யாருக்கு வேணும்னு பாக்கணும்.

அடுத்தது தேதி. வழக்கமா நாங்க பொங்கலை ஒட்டி வைப்போம். ஷோரூம்காரங்களுக்கு ஆடில வியாபாரம் படுத்துக்கும், ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும்தான் அள்ளும். ஆயுத பூஜைக்கு வண்டி எடுக்கறவன் அன்னைக்கு காலைல முடிவு பண்றதில்ல, ரெண்டு மூணு வாரம் முன்னாடியே மாடல் பாத்து, விலை கேட்டு, லோனுக்கு பேப்பர் கொடுத்து வச்சிருப்பான். அதனால போட்டியை ஆயுத பூஜைக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு சனி ஞாயிறுக்கு மாத்தினோம். வடகிழக்கு பருவமழை அக்டோபர்லதான் சூடு பிடிக்கும், அதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்கறதும் ஒரு கணக்கு.

ஷோரூம் ஓனர் எங்க ஊர்க்காரர்தான், எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். சாயங்காலம் கூட்டமா இருக்கும்னு காலைல பத்தரைக்கு கிளப் செயலாளரும் நானும் போனோம். லெட்டரை நீட்டறதுக்கு முன்னாடி செயலாளர் கேட்டது ஒரு கேள்விதான், "அண்ணே, இதுவரைக்கும் ஊர் விசேஷத்துக்கு நிறைய கொடுத்திருக்கீங்க, அதுல எதாவது ஒன்னுல உங்களுக்கு வியாபாரம் வந்திருக்கா?" அவர் யோசிக்கவே இல்ல. "எங்க தம்பி, போன திருவிழாவுக்கு அஞ்சாயிரம் கொடுத்தேன், நோட்டீஸ்ல நாப்பது பேரோட என் பேரும் இருந்துச்சு, என் பொண்டாட்டியே தேடித்தான் பாத்தா. மெயின் ரோட்டுல பேனர் வச்சாங்க, ரெண்டாவது நாள் பேரூராட்சில வந்து கழட்டிட்டு போயிட்டாங்க."

அந்த பதில்லயே எங்களுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு. நாப்பது பேர்ல ஒருத்தரா இருக்கறது அவருக்கு பிரயோஜனம் இல்ல, கழட்டற இடத்துல வைக்கற பேனரும் பிரயோஜனம் இல்ல. 2019ல சென்னைல பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போன பிறகு ரோட்டோரம் அனுமதி இல்லாம பேனர் வைக்கறதுல கெடுபிடி அதிகம், அது சரிதான். ரோட்டுல பேனர் வைக்கறோம்னு எந்த ஸ்பான்சருக்கும் வாக்கு கொடுக்கவே கூடாது, மைதானத்துக்கு உள்ள என்ன தர முடியும்னு மட்டும்தான் பேசணும்.

கூட்டம் எவ்வளவு வரும்னு கேட்டார். இந்த இடத்துலதான் நிறைய பேர் வாய்க்கு வந்ததை அடிச்சு விடறாங்க, அஞ்சாயிரம் பேர் பத்தாயிரம் பேர்னு. ஓனரும் இதே ஊர்ல பொறந்து வளந்தவர், நம்ம மைதானத்துல எத்தனை பேர் நிக்க முடியும்னு அவருக்கு தெரியாதா. நாங்க பேப்பர்ல கணக்கு போட்டு காட்டினோம். கேலரி ஒரு பக்கம் 60 அடி நீளம், அஞ்சு படி, ஒரு ஆளுக்கு ஒன்றரை அடின்னா ஒரு படிக்கு 40 பேர், ஒரு பக்கம் 200 பேர், ரெண்டு பக்கமும் சேர்த்து 400. சுத்தி நிக்கறவங்க ஒரு 300. ஆக ஒரு நேரத்துக்கு 700, அரையிறுதி ஃபைனல் அப்ப இது நிரம்பும், மதியம் இதுல பாதிகூட இருக்காதுன்னும் சொல்லிட்டோம். ஒரு எண்ணை எப்படி எடுத்தோம்னு சொன்னா அதுக்கப்புறம் நாம சொல்ற மத்ததையும் நம்பி கேக்கறாங்க, அன்னைக்கு அவர் முகத்துலயே அது தெரிஞ்சுது.

லெட்டர் ஒரே பக்கம்தான். முன்னாடி எல்லாம் கிளப் வரலாறு, கபடி தமிழர் விளையாட்டு, இளைஞர் நலன்னு முக்கால் பக்கம் போகும், கடைசி வரில "தங்களால் இயன்ற உதவி"ன்னு முடியும். இயன்ற உதவின்னு கேட்டா ஆயிரம்தான் வரும். அதனால தொகையை எழுதினோம், அதுக்கு என்ன தர்றோம்ங்கறதையும் எண்ணிப் பாக்கற மாதிரி எழுதினோம். நடுப்பகுதி மட்டும் இப்படி இருந்துச்சு:

"இரண்டு நாட்களில் 24 அணிகள், 24 ஆட்டங்கள் நடைபெறும். தங்கள் நிறுவனம் முதன்மை ஸ்பான்சராக இருக்க ரூ.60,000 கோருகிறோம். இதற்கு ஈடாக, ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் இடைவேளையிலும் தங்கள் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். நேரலையில் ஸ்கோர்போர்டின் மேல் தங்கள் லோகோ முழு நேரமும் இருக்கும். மைதான நுழைவாயிலில் நான்கு வண்டிகள் நிறுத்த இடம், மின் இணைப்புடன் தரப்படும். காலிறுதி முதல் சிறந்த ஆட்டக்காரருக்குத் தாங்கள் வழங்கும் ஹெல்மெட் தங்கள் கையால் பரிசளிக்கப்படும். வேறு எந்த இருசக்கர வாகன விற்பனையாளரின் விளம்பரமும் ஏற்கப்படாது. போட்டி முடிந்த ஏழு நாட்களுக்குள் படங்களுடன் அறிக்கை தரப்படும்."

இதுல அவர் விரல் வச்சு நிறுத்தினது ரெண்டு இடம். ஒன்னு வாசல்ல வண்டி நிறுத்தறது, இன்னொன்னு வேற டீலர் வரமாட்டாங்கங்கறது. லோகோ, மைக் எல்லாம் அவருக்கு ரெண்டாம்பட்சம். ஷோரூம்க்கு உள்ள வர்றதுக்கு கிராமத்து பசங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கு, ஏசி ரூம், டை கட்டின ஆளு, உள்ள போனா வாங்கித்தான் ஆகணும்னு நினைச்சுக்கறாங்கன்னு அவரே சொன்னார். மைதான வாசல்ல நிக்கற வண்டில லுங்கியோடயே ஏறி உக்காந்து பாப்பாங்க. இதை நாங்க யோசிச்சிருக்கவே மாட்டோம், அவர் வாய்ல இருந்து வந்ததாலதான் தெரிஞ்சுது, அதனால அந்த இடத்துலயே அவருக்கு எதிர்லயே பேனாவால வண்டி நாலுன்னு இருந்ததை ஆறுன்னு திருத்தினோம்.

60,000 முடியாதுன்னார். சரி குறைச்சுக்கோங்கன்னு உடனே இறங்கிடாம செயலாளர் வேற ஒன்னு கேட்டார், "கம்பெனில இருந்து உங்களுக்கு லோக்கல் விளம்பரத்துக்கு பட்ஜெட் எதாவது வருமாண்ணே?" இது ரொம்ப பேருக்கு தெரியாத விஷயம். டூவீலர், பெயின்ட், சிமென்ட், டிராக்டர் இந்த மாதிரி டீலர்ஷிப் தொழில்ல டீலர் உள்ளூர்ல பண்ற விளம்பரச் செலவுல ஒரு பகுதியை கம்பெனி ஏத்துக்கற வழக்கம் பல இடத்துல இருக்கு. ஆனா அது சும்மா வராது. ஏரியா மேனேஜர் முன்கூட்டியே ஓகே பண்ணணும், எவ்வளவு பேர் வருவாங்க என்ன வயசுன்னு எழுதிக் கொடுக்கணும், கம்பெனி சொன்ன டிசைன்லதான் லோகோ இருக்கணும், முடிஞ்சதும் பில்லும் போட்டோவும் கொடுத்தாத்தான் டீலருக்கு அந்தக் காசு திரும்ப வரும். போட்டி முடிஞ்ச பிறகு கேட்டா ஒத்த ரூபா கிடைக்காது. நாங்க போட்டிக்கு ஏழு வாரம் இருக்கறப்பவே போனதால நேரம் இருந்துச்சு. அந்தக் கேலரி கணக்கு பேப்பரையே ஓனர் அப்படியே வாட்ஸப்ல மேனேஜருக்கு அனுப்பினார்.

பத்து நாள் கழிச்சு கூப்பிட்டு 45,000ன்னு முடிச்சார், ஹெல்மெட் தனி. அதுல 20,000 கம்பெனி அவருக்கு திருப்பிக் கொடுக்கும், கையில இருந்து போறது 25,000. எங்களுக்கு 25,000 போட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, மீதி 20,000 அறிக்கை கொடுத்த பிறகு.

பேப்பர் விஷயம் கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா நிறைய ஸ்பான்சர் பேச்சு இங்கதான் உடையுது. இது நன்கொடை இல்ல. நன்கொடைன்னு ரசீது கொடுத்தா அவர் கணக்குல அதை வியாபாரச் செலவா காட்டறதுக்கு சிக்கல் வரும், நன்கொடை கொடுக்கறவங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கற 80ஜி மாதிரி எதுவும் நம்ம கிளப்புக்கு கிடையாது, அதனால அந்தப் பக்கமும் அவருக்கு லாபம் இல்ல. விளம்பரத்துக்கு கைமாறா கொடுத்த பணம்னு பில் கொடுத்தா அது விளம்பரச் செலவு. அந்த பில்லுல சங்கத்தோட பேர், பதிவு எண், பான், என்னென்ன விளம்பரம் செஞ்சோம்ங்கற விவரம் எல்லாம் இருக்கணும். பணமும் பேங்க் வழியாத்தான், ஒரே நாள்ல ஒருத்தருக்கு பத்தாயிரத்துக்கு மேல கேஷா கொடுத்தா வருமானவரில அதை செலவா கழிக்க முடியாது. எங்க கிளப் சங்கமா பதிவு பண்ணி பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் ஏற்கனவே வச்சிருந்துச்சு, அது இல்லேன்னா கம்பெனி பங்கு 20,000 வந்திருக்கவே வந்திருக்காது, தலைவர் பேர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு எந்த கம்பெனியும் ஒத்துக்காது.

ஜிஎஸ்டி பத்தியும் அவரோட ஆடிட்டர் கேட்டார். எங்க வரவு செலவு 20 லட்சத்துக்கு ரொம்ப கீழ, அதனால கிளப்புக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது, பில்லுல வரி போட முடியாது. ஆனா ஸ்பான்சர் பண்றது பார்ட்னர்ஷிப் நிறுவனமாவோ லிமிடெட் கம்பெனியாவோ இருந்தா, எங்கள மாதிரி சங்கத்துக்கு கொடுக்கற ஸ்பான்சர் தொகைக்கு 18 சதவீதம் அவங்களே நேரா கட்டணும், ரிவர்ஸ் சார்ஜ்னு சொல்வாங்க. ஷோரூம் பார்ட்னர்ஷிப், அதனால 45,000க்கு 8,100 அவங்க கட்டி, தொழில் விளம்பரம்ங்கறதால கிரெடிட்டா எடுத்துக்கிட்டாங்க. ஒரே ஆள் ஓனரா இருக்கற கடைன்னா இந்த வேலையே இல்ல. இதை முன்னாடியே பேசிடணும், கடைசி நேரத்துல ஆடிட்டர் சொல்லி தெரிஞ்சா அந்த எட்டாயிரத்தை நம்ம தொகைல கழிக்கப் பாப்பாங்க.

மைக் விளம்பரத்துக்கு ஒரு எல்லை இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கறது சட்டம், போலீஸ் அனுமதிலயும் அதுதான் எழுதி வரும். விடிய விடிய ஆட்டம் நடத்தற பழக்கத்துல நாம 48 தடவை மைக்ல சொல்றோம்னு எழுதிக் கொடுத்துட்டு, பத்து மணிக்கு மைக்கை நிறுத்தினா பாதி வாக்கு காத்துல போயிடும். அதனால அட்டவணையையே மாத்தினோம், பாதிக்கு 15 நிமிஷம், இடைவேளை எல்லாம் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு 40 நிமிஷம். சனிக்கிழமை மதியம் மூணு மணில இருந்து பத்து ஆட்டம், ஞாயித்துக்கிழமை காலைலயே ஆரம்பிச்சு மீதி பதினாலு. அறிவிப்பை வர்ணனையாளர் இஷ்டத்துக்கு விடல, எழுதியே கொடுத்தோம், இருவது செகண்டுக்குள்ள முடியற மாதிரி. "ஆயுத பூஜைக்கு வண்டி எடுக்கற யோசனைல இருக்கறவங்க வாசல்ல ஆறு வண்டி நிக்குது, ஏறிப் பாருங்க, லைசென்ஸ் இருந்தா இருட்டறதுக்குள்ள ஓட்டியும் பாக்கலாம்." வெறும் கடைப் பேரை திரும்பத் திரும்ப சொல்றதை விட, இப்ப எழுந்து போய் பண்ற ஒரு வேலையை சொன்னதுக்குத்தான் ஆளு நகந்துச்சு, ஒவ்வொரு இடைவேளைலயும் வாசல் பக்கம் பசங்க போறது கண்ணுக்கே தெரிஞ்சுது.

ஃபிளெக்ஸ் எங்க கட்டறதுங்கறதும் சாதாரண விஷயம் இல்ல. லைவ் கேமரா நடுக்கோட்டுக்கு நேரா ஒரு பக்கவாட்டுல நிக்கும், அப்படின்னா திரைல எப்பவும் தெரியறது எதிர்ப்பக்கம். அந்த எதிர்ப்பக்கத்துல தரைமட்டத்துல ஃபிளெக்ஸ் கட்டினா கோட்டோரம் உக்கார்ற சின்னப் பசங்க தலை மறைச்சிடும், கேலரிக்கு பின்னாடி உயரத்துல கட்டினா ஃபோகஸ் லைட் பட்டு பளபளன்னு வெள்ளையா தெரியும், எழுத்து தெரியாது. முதல் நாள் ராத்திரியே லைட்டைப் போட்டு, கேமராக்காரரை வரச்சொல்லி, போன்ல படம் பாத்துப் பாத்து கேலரியோட முதல் படிக்கு முன்பக்கமா, ஆளுங்க கால் தொங்கற உயரத்துக்கு கீழ வராம கட்டினோம். பளபளப்பு இல்லாத மேட் ஃபிளெக்ஸ் கொஞ்சம் விலை கூட, ஆனா ராத்திரி ஆட்டத்துக்கு அதுதான் சரி.

வேற டீலர் விளம்பரம் வராதுன்னு கொடுத்த வாக்குக்கு சோதனை போட்டிக்கு முந்தின வாரம் வந்துச்சு. பக்கத்து டவுன்ல இன்னொரு பிராண்ட் ஷோரூம் வச்சிருக்கறவர் எங்க ஊர் பெரியவர் ஒருத்தருக்கு சொந்தம், மூணாம் பரிசு பத்தாயிரம் நான் தரேன், ஷோரூம் பேர் போடுங்கன்னார். கிளப்ல ரெண்டு பேர் வாங்கிக்கலாம்னாங்க, பத்தாயிரம் யாருக்கு வலிக்கும். ஆனா எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். பெரியவர்கிட்ட செயலாளர் நேரா போய், "ஐயா, அவர் பேர்லயும் அவங்க அப்பா நினைவாவும் போட்டுக்கறோம், ஷோரூம் பேர் மட்டும் வேணாம், எழுதிக் கொடுத்துட்டோம்"னு லெட்டரையே காட்டினார். பெரியவர் ஒத்துக்கிட்டார், பணமும் வந்துச்சு. அதை எங்க ஓனர்கிட்ட நாங்களே போய் சொல்லிட்டோம், வேற வாய் வழியா போனா கதை மாறிடும்.

மழைக்கும் ஒரு வரி லெட்டர்லயே இருந்துச்சு, ஆட்டம் தள்ளிப்போனா அடுத்த வாரம் அதே விளம்பரத்தோட நடக்கும், நடக்கவே இல்லன்னா முன்பணத்துல செலவு போக மீதி திருப்பித் தரப்படும்னு. ஞாயித்துக்கிழமை ஒரு தூறல் போட்டு மேட்டைத் தொடச்சு ஆரம்பிக்க ஒரு மணி நேரம் போச்சு, அதுக்கு மேல ஒன்னும் ஆகல, ஃபைனல் ஒன்பதே முக்காலுக்கு முடிஞ்சுது.

வாசல்ல ஷோரூம் பையன் ஒருத்தர் ஒரு சீட்டு வச்சிருந்தார், பேர், ஊர், போன் நம்பர், இப்ப என்ன வண்டி வச்சிருக்கீங்க, எப்ப எடுக்கறதா யோசனை, ஷோரூம்ல இருந்து கூப்பிடலாமான்னு ஒரு டிக். டிக் போடாதவங்க நம்பரை எடுக்கக் கூடாதுன்னு நாங்களே சொல்லியிருந்தோம், மைதானத்துக்கு வந்த பசங்களுக்கு தினம் போன் போட்டு தொல்லை பண்ணா பேர் கெடறது கிளப்புக்கு. ரெண்டு நாள்ல 64 சீட்டு. அதுல நிறைய சும்மா ஏறி செல்ஃபி எடுத்துக்கிட்டவங்கதான், இந்த வருஷம் எடுக்கறேன்னு எழுதினவங்க 18 பேர்.

அறிக்கை அஞ்சாவது நாள் கொடுத்தாச்சு. நாலு பக்கம், பெரும்பாலும் படம்தான். மதியம் ரெண்டு மணிக்கு கூட்டம் எப்படி இருந்துச்சு, ராத்திரி எட்டு மணிக்கு எப்படி இருந்துச்சு, ரெண்டும் நேரத்தோட. லைவ்ல ஸ்கோர்போர்டு மேல லோகோ தெரியற ஸ்கிரீன்ஷாட், ஹெல்மெட் கொடுக்கற படங்கள், மைக் அறிவிப்பு எந்தெந்த ஆட்டத்துல போச்சுன்னு டிக் போட்ட அட்டவணை. 48ல 45தான் போயிருந்துச்சு, தூறல் விழுந்த நேரத்துல மூணு விட்டுப்போச்சு, அதையும் அப்படியே எழுதினோம். கம்பெனிக்கு அனுப்ப இந்தப் படங்களும் பில்லும்தான் ஓனருக்கு தேவை, அதனால படத்தை வாட்ஸப்ல அனுப்பி குவாலிட்டி போகாம டிரைவ்ல போட்டு லிங்க் கொடுத்தோம்.

மீதி 20,000 அடுத்த வாரம் அக்கவுண்ட்டுக்கு வந்துடுச்சு. ஆயுத பூஜை முடிஞ்சு ஓனரைப் பாத்தப்ப அந்த 18 பேர்ல அஞ்சு பேர் வண்டி எடுத்துட்டாங்கன்னார். அஞ்சுல ரெண்டு பேர் எப்படியும் நம்ம கடைக்குத்தான் வந்திருப்பாங்க தம்பி, மூணு பேரை போட்டி கணக்குல வச்சுக்கலாம்னு அவரே பிரிச்சு சொன்னார். அடுத்த வருஷம் தேதியை ஜூலைலயே சொல்லிடுங்க, ஏரியா மேனேஜர்கிட்ட இந்த அறிக்கையை வச்சே கேக்கறேன், ஆனா சர்வீஸ் கேம்ப்புக்கும் இடம் வேணும், மைதானத்துக்கு வர்ற வண்டிக்கெல்லாம் செயின் லூப், காத்து இலவசமா பாத்துக் கொடுக்கலாம்னார். பார்க்கிங்ல தெற்கு ஓரம் ஒதுக்கித் தரலாம்னு கிளப் கூட்டத்துல எழுதி வச்சிருக்கு.